10 டன் டயர் உள்ளே போனால் என்னென்ன வெளியே வரும்?

கேள்வி: எங்களிடம் தேய்ந்த லாரி, பஸ் டயர்கள் நாளொன்றுக்குப் 10 டன் வரை சேர்கின்றன. இதுவரை அப்படியே விற்றுவிடுவோம். இப்போது ஒருவர் 10 டன் பைரோலிசிஸ் ரியாக்டர் போட்டுத் தருகிறேன் என்கிறார். முழு டயரையும் வெட்டாமல் போடலாம், எண்ணெய் வரும், வரும் வாயுவே அடுப்புக்குப் போதும், புகையே இருக்காது என்கிறார். இன்னொருவர் ரப்பர் தூள் ஆலை போடுங்கள், ரோட்டுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் போகும் என்கிறார். பக்கத்திலேயே குடியிருப்பு இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? புகை வராது என்பது உண்மையா?

பதில்: முழு டயரை நிரப்பி, சூடேற்றி, ஆறவைத்து, பிறகு கதவைத் திறந்து கரியை அள்ளும் வகை ரியாக்டரை வாங்காதீர்கள். குடியிருப்புக்குப் பக்கத்தில் நிச்சயமாக வேண்டாம். உங்களிடம் வருவது பெரும்பாலும் லாரி டயர் என்பதால் ரப்பர் தூள் ஆலைதான் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் அதிலும் "ரோட்டுக்குப் போகும், திடலுக்குப் போகும்" என்று சொல்வதை அப்படியே நம்பி முதலீடு செய்ய முடியாது. இரண்டையும் கணக்கோடு பார்ப்போம்.

ஒரு லாரி டயர் 50 முதல் 60 கிலோ இருக்கும். அதில் ஏறத்தாழ பாதி ரப்பர். கால் பங்குக்குச் சற்றுக் குறைவு கார்பன் பிளாக் என்ற கரித்தூள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எஃகுக் கம்பி. மீதி எண்ணெய், கந்தகம், துத்தநாக ஆக்சைடு, ரப்பரில் விரிசல் விழாமல் காக்கும் ரசாயனங்கள். கார் டயரில் நைலான், பாலியஸ்டர் நூலும் இருக்கும். முழுக்க எஃகால் நெய்த லாரி ரேடியலில் நூல் கிடையாது. இது உங்களுக்கு நல்ல செய்தி, ஏன் என்பது பின்னால் வருகிறது. கந்தகம் ரப்பரின் இழைகளைக் குறுக்கே கட்டிப் போட்டிருப்பதால் டயர் ரப்பர் பிளாஸ்டிக்கைப் போல உருகாது. சூடேற்றினால் உடையும். பைரோலிசிஸ் என்பது காற்றே இல்லாத கொள்கலத்தில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி அதை உடைப்பதுதான். காற்று இல்லை என்பதால் அது எரிப்பு ஆகாது. அதனால்தான் "புகை இல்லை" என்ற பேச்சு வருகிறது. கொள்கலத்துக்குள் நடப்பதைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் சிக்கல் கொள்கலத்தின் வாசல்களில் இருக்கிறது.

10 டன் லாரி டயர் போட்டால் சுமார் 3.9 டன் எண்ணெயும், 3.1 டன் கரியும், 2 டன் கம்பியும், 1 டன் வாயுவும் வரும். டயரின் வகை, சூடு, வேகத்தைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் நகரும். விற்பவர் எண்ணெயின் எண்ணை மட்டும் பெரிதாகச் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது மற்ற மூன்றையும், குறிப்பாகக் கந்தகம் எங்கே போகிறது என்பதையும்.

டயரில் கந்தகம் எடையில் சுமார் 1.3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 10 டன்னில் 130 கிலோ. அது மறைந்துபோக முடியாது. கரியில் 2 சதவீதத்துக்கு மேல் தங்கும், அது 70 கிலோ. எண்ணெயில் 1 சதவீதம் அளவுக்குக் கரைந்திருக்கும், அது 40 கிலோ. மிச்சமுள்ள 20 கிலோ வாயுவோடு ஹைட்ரஜன் சல்பைடாகப் போகும். அந்த வாயுவை அடுப்பில் எரித்தால் 20 கிலோ கந்தகம் 40 கிலோ கந்தக டை ஆக்சைடாக மாறி, ஒவ்வொரு முறையும் புகைபோக்கிக்கு வரும். அதைப் பிடிக்க, புகையை நீரால் கழுவும் ஸ்க்ரப்பர் வைத்திருக்கிறோம் என்பார்கள். வெறும் தண்ணீர் சுழலும் ஸ்க்ரப்பர் சிறிது நேரத்தில் அமிலமாகிவிடும், அதன் பிறகு எதையும் பிடிக்காது. 40 கிலோ கந்தக டை ஆக்சைடைக் காஸ்டிக் சோடாவில் பிடிக்க, நீரின் காரத்தன்மையைப் பொறுத்து, ஒரு சுற்றுக்கு 25 முதல் 50 கிலோ காஸ்டிக் சோடா செலவாக வேண்டும். ஆகவே அவர் போட்டுக் கொடுத்ததாகச் சொல்லும் ஏதாவது ஓர் ஆலைக்குப் போய், மாதத்துக்கு எவ்வளவு காஸ்டிக் சோடா வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள். மாதம் 25 சுற்று ஓட்டும் ஆலை இரண்டு மூட்டை வாங்குகிறது என்றால் அங்கே ஸ்க்ரப்பர் பேருக்கு நிற்கிறது.

அடுத்தது, வரும் வாயுவே அடுப்புக்குப் போதும் என்ற வாதம். மொத்தக் கணக்கில் இது பொய்யல்ல. 1 டன் வாயுவிலிருந்து கிடைக்கும் வெப்பம் ஒரு சுற்றுக்குத் தேவையான வெப்பத்தை ஏறக்குறைய ஈடுகட்டும். ஆனால் நேரம் பொருந்தாது. அடுப்பு மூட்டிய முதல் சில மணி நேரம் வாயுவே வராது. அப்போது வெளியிலிருந்து விறகோ எண்ணெயோ எரித்தாக வேண்டும். மோசமாக நடக்கும் இடங்களில் அந்த நேரத்தில் அடுப்பில் போடுவது டயர் துண்டுகளைத்தான், ஊர் பார்க்கும் முதல் கரும்புகை அதுவே. கொள்கலம் 350 டிகிரியைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாயுவின் பெரும்பகுதி ஒரேயடியாக வெளிவரும். அடுப்புக்கு அவ்வளவு தேவைப்படாது. மிஞ்சுவதைத் தனியாக எரிக்க ஒரு ஃபிளேர் இருக்க வேண்டும், அதன் தீ அணையாமல் பைலட் சுடர் எரிய வேண்டும். அது இல்லாத இடத்தில் வால்வைத் திறந்து காற்றில் விடுவார்கள். ஹைட்ரஜன் சல்பைடு மிகச் சிறிய அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் வீசும். பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவைத் தொட்டதும் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. 500 பங்குக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. ஆலைக்குள் வேலை செய்பவர் "முதலில் நாறியது, இப்போது இல்லை" என்றால் நிம்மதி அடையக் கூடாது, அந்த இடத்தை விட்டு உடனே விலக வேண்டும்.

இதே உச்ச நேரத்தில்தான் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கொள்கலத்திலிருந்து, ஆவியைக் குளிர்வித்து எண்ணெயாக்கும் கண்டென்சருக்குப் போகும் ஆவிக் குழாயில் கனமான மெழுகும் கரித்தூளும் படிந்து வழியைக் குறுக்கும். வெளியே போக வழியில்லாத ஆவி உள்ளே அழுத்தத்தை ஏற்றும். டயருக்குள் தேங்கிய மழைநீரோடு அப்படியே ஏற்றியிருந்தால் நீராவியும் சேரும். 10 டன்னில் 2 சதவீதம் ஈரம் என்றாலே 200 லிட்டர் நீர். உருளை சுழலும் வகை ரியாக்டரில் சுழலும் பகுதிக்கும் நிலையான குழாய்க்கும் இடையே உள்ள சீல்தான் பலவீனமான இடம், அழுத்தம் ஏறினால் ஆவி அங்கே கசிந்து அடுப்புச் சூட்டில் தீப்பிடிக்கும். குழாயின் இரு பக்கமும் அழுத்தமானி இருந்தால் அடைப்பு முன்கூட்டியே தெரியும்: ரியாக்டர் பக்கம் ஏறிக்கொண்டும் கண்டென்சர் பக்கம் அப்படியே நின்றுகொண்டும் இருந்தால் இடையில் அடைக்கிறது என்று பொருள். ஒரே ஒரு மானி மட்டும் இருக்கும் ஆலையில் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இனி கதவு திறக்கும் கட்டம். என் கணிப்பில் இந்த வகை ரியாக்டரின் மிகப் பெரிய குறை இதுதான். எண்ணெய் வருவது நின்றதும் அடுப்பை அணைப்பார்கள். உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும்போது கொள்கலம் வெளிக்காற்றைச் சீல் வழியாக உள்ளே உறிஞ்சும். எரியும் ஆவியும் காற்றும் சூடான கரியும் ஒரே இடத்தில் சேர்கின்றன. இதைத் தடுக்க, குளிரும் நேரம் முழுவதும் நைட்ரஜனை உள்ளே செலுத்தி, வெளியைவிட உள்ளே சற்று அதிக அழுத்தம் இருக்கும்படி காக்க வேண்டும். எவ்வளவு நைட்ரஜன் என்று கணக்குப் போடலாம். 2.6 மீட்டர் விட்டமும் 6.6 மீட்டர் நீளமும் உள்ள உருளையின் கொள்ளளவு 35 கனமீட்டர். உள்ளே இருக்கும் ஆவியைக் கழுவித் தள்ள அதைப் போல் மூன்று மடங்காவது செலுத்த வேண்டும், அதாவது 100 கனமீட்டருக்கு மேல். ஒரு பெரிய சிலிண்டரில் சுமார் 7 கனமீட்டர் நைட்ரஜன்தான் இருக்கும். வாயு சூட்டில் விரிவதைக் கழித்துப் பார்த்தாலும் ஒரு சுற்றுக்குப் பத்து சிலிண்டராவது ஆகும். சுவரோரம் இரண்டு சிலிண்டரைக் காட்டி "நைட்ரஜன் வசதி உண்டு" என்றால் அது கண்துடைப்பு.

இதோடு முடியவில்லை. கொள்கலத்தின் மேல்தகடு 60 டிகிரிக்கு ஆறிவிட்டதாக மானி காட்டும். ஆனால் 3 டன் கரி நல்ல வெப்பத்தடுப்புப் பொருள், குவியலின் நடுப்பகுதி அதற்கு வெகு மேலான சூட்டில் இருக்கும். அடுத்த சுற்றைச் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்ற அவசரத்தில் கதவைத் திறந்ததும் காற்றுப் பட்டுக் கனன்று எழும். வெள்ளை கலந்த மஞ்சள் புகை வெளியே வந்தால் உள்ளே இன்னும் ஆவி இருக்கிறது என்று அறிந்து உடனே கதவை மூடி மறுபடி நைட்ரஜன் செலுத்த வேண்டும். அந்த நேரத்தில் யாரும் கதவுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. தண்ணீர் பீய்ச்சுவது இன்னும் கெடுதல். நீர் திடீரென ஆவியாகிக் கரித்தூளை வாரி வெளியே தள்ளும், மிச்ச நீர் எண்ணெய்க் கழிவாக வாய்க்காலுக்கு ஓடும்.

அள்ளிய கரி அடுத்த தலைவலி. மாவைப் போல் நுண்மையானது, கைக்கும் சுவாசத்துக்கும் ஒட்டும். டயரில் இருந்த துத்தநாகம் முழுவதும் அதிலேயே தங்குகிறது. 10 டன் டயரில் 150 கிலோ துத்தநாக ஆக்சைடு என்றால் 3.1 டன் கரியில் அது 5 சதவீதம். வேலியோரம் குவித்து வைத்தால் மழைநீர் துத்தநாகத்தைக் கரைத்து நிலத்துக்கும் நீர்நிலைக்கும் கொண்டுபோகும். மீன்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் அது நஞ்சு. இந்தக் கரியை மறுபடி டயர் ஆலைக்கே விற்கலாம் என்று விற்பவர் சொல்வார். சாம்பல் 15 சதவீதம் அளவில் இருப்பதாலும் துகளின் மேல் எண்ணெய்ப் படிவு இருப்பதாலும் அரைத்து, சலித்து, தரம் பார்க்காமல் யாரும் அதைப் புது கார்பன் பிளாக்குக்குப் பதிலாக எடுப்பதில்லை. சூடும் நேரமும் சுற்றுக்குச் சுற்று மாறும் இந்த வகை ரியாக்டரில் அந்தத் தரம் கிடைப்பது அரிது.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது டீசல் அல்ல. பென்சீன், டொலுவீன் போன்ற இலகுவான பொருள்கள் கலந்திருப்பதால் சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது. தொட்டியின் மூச்சுக்குழாயில் தீ உள்ளே புகாமல் தடுக்கும் ஃபிளேம் அரெஸ்டர் இல்லாவிட்டால் ஒரு பொறி போதும். 1 சதவீதக் கந்தகம் இருப்பதால் கந்தகத்தைப் பிடிக்கும் வசதியுள்ள பெரிய தொழிற்சாலை உலைக்கு மட்டுமே கொடுக்கலாம். வாகனத்திலோ ஜெனரேட்டரிலோ ஊற்றினால் பிசின் படிந்து இன்ஜெக்டர் அடைக்கும், புகையும் ஊருக்குத்தான்.

பைரோலிசிஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. டயரை 30 முதல் 50 மி.மீ. சில்லுகளாக வெட்டி, கம்பியின் பெரும்பகுதியை முன்பே எடுத்துவிட்டு, இரட்டை வால்வு வழியாகக் காற்றில்லாமல் தொடர்ந்து ஊட்டும் ஆலைகள் உண்டு. அவற்றில் கரி, நீர் உறை போட்ட திருகுக் குழாய் வழியே குளிர்ந்து, மூடிய பையிலேயே விழும். கதவைத் திறக்கும் தருணமே கிடையாது. வாயுவும் ஒரே சீராக வருவதால் பர்னர் அதை முழுக்க எரிக்கும். ஆனால் அதை ஓட்ட ஓயாமல் ஒரே அளவு சில்லு வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்கள் இரவும் பகலும் வேண்டும், முதலீடும் பல மடங்கு. நாளொன்றுக்குப் 10 டன் மட்டும் வரும் இடத்துக்கு அது பெரிய சட்டை.

டயரை நேரடியாக எரிபொருளாக்குவதில் நம்பத்தக்க வழி சிமென்ட் சூளை. அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கிலோ டயரில் 32 மெகாஜூல் அளவு வெப்பம் உண்டு, பல நிலக்கரிகளைவிட அதிகம். சிமென்ட் சூளைக்குள் பொருளே 1,400 டிகிரிக்கு மேல் சூடாகிறது. புகை அந்தச் சூட்டில் பல விநாடி தங்குவதால் கரிமப் பொருள்கள் முழுதாக எரிகின்றன. கந்தகத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது, கம்பியின் இரும்பும் துத்தநாகமும் சூளையில் உருவாகும் சிமென்ட் கட்டியான கிளிங்கரிலேயே கலந்துவிடுகின்றன, தனியாகச் சாம்பல் மிஞ்சுவதில்லை. சாதாரணக் கொதிகலனிலும் செங்கல் சூளையிலும் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அங்கே டயரைப் போட்டால் கரும்புகையோடு பிஏஎச் எனப்படும் புற்றுநோய் உண்டாக்கும் பல வளையச் சேர்மங்களும் கந்தகமும் நேரே வெளியே வரும். கம்பிக்காகத் திறந்தவெளியில் எரிப்பது இவை எல்லாவற்றையும்விட மோசம். டயரின் ஒரு பகுதி எரிய, மறுபகுதி எண்ணெயாக வழிந்து மண்ணுக்குள் இறங்கும். நெருப்பு அணைந்த பிறகும் நிலத்தடி நீர் கெட்டுப்போகும். இப்படிக் கம்பி எடுப்பவருக்கு உங்கள் டயர் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது, விற்பவரான உங்கள் பொறுப்பு.

இப்போது ரப்பர் தூள். இதில் டயர் உடைகிறதே தவிர ரசாயனமாக மாறுவதில்லை. 130 கிலோ கந்தகமும் ரப்பருக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். அதனால்தான் குடியிருப்புப் பக்கத்தில் இதைப் பரிந்துரைக்கிறேன். தூசியும் இரைச்சலும் உண்டு, ஆனால் அவற்றைச் சுவரும் பை வடிகட்டியும் கட்டுப்படுத்தும்.

முதல் வேலை, டயரின் உட்புற விளிம்பில் இருக்கும் தடித்த பீடு கம்பியை ஹைட்ராலிக் இயந்திரத்தால் இழுத்து எடுப்பது. இதைத் தவிர்த்து முழு டயரையும் ஷ்ரெட்டரில் போட்டால் அந்தக் கம்பி கத்திகளைத் தின்றுவிடும். அடுத்து ஷ்ரெட்டர் 50 முதல் 100 மி.மீ. துண்டாக்கும். பிறகு ராஸ்பர் அதைக் கிழித்து 15 முதல் 20 மி.மீ. ஆக்கும்போது பெல்ட் கம்பிகள் ரப்பரை விட்டுப் பிரியும், மேலே தொங்கும் காந்தம் அவற்றை இழுத்துக்கொள்ளும். கிரானுலேட்டர் 1 முதல் 4 மி.மீ. வரை கொண்டுவரும். அதற்குமேல் நுண்மை வேண்டுமானால் பள்ளம் வெட்டிய இரட்டை உருளை மில். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் சல்லடையும் காந்தமும் இருக்க வேண்டும். கார் டயர் என்றால் நூலைப் பிரிக்கக் காற்று மேசைகள் பலவும் தேவை, பஞ்சு எல்லாவற்றிலும் அடைக்கும். உங்களுக்கு வருவது எஃகு லாரி ரேடியல் என்றால் அந்தச் சுமை பெரும்பாலும் இல்லை. கார் டயரைத் தனியாகப் பிரித்து வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வண்டி கார் டயர் கலந்தால் போதும், தூளில் பஞ்சு வந்துவிட்டது என்று வாங்குபவர் திருப்பி அனுப்புவார்.

திரவ நைட்ரஜனில் கண்ணாடி போல் உறையவைத்து நொறுக்கும் முறையும் இருக்கிறது. தூள் சுத்தமாக, வழுவழுப்பான பக்கங்களோடு வரும். ஆனால் ரோட்டுக்கு வேண்டியது அந்த வழுவழுப்பு அல்ல. சாதாரண வெப்பத்தில் கிழித்து அரைத்த தூள் பஞ்சு போலக் கரடாக இருப்பதால் ரோட்டுத் தாரான பிட்டுமன் வேகமாகப் பிடிக்கும். அந்த முறைக்கான நைட்ரஜன் செலவையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு அது தேவையில்லை.

ஆலையில் கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று மண். டயர் இடுக்கில் இருக்கும் கல்லும் மணலும் கத்தி முனையை மழுக்கும். மழுங்கிய கத்தி வெட்டாமல் தேய்க்கும், தேய்த்தால் சூடு ஏறும், ரப்பர் ஒட்டும், எரிந்த வாசனை வரும். அந்த வாசனை வந்ததும் ஊட்டும் அளவைக் குறைத்து ஓட்டுவதால் பயனில்லை, கத்தியைத் தீட்டத்தான் வேண்டும். ஆகவே டயரை முதலில் கழுவி உலரவிடுங்கள், கழுவிய நீரைத் தேக்கி மண்ணைப் படியவிட்டு மறுபடி பயன்படுத்துங்கள். இரண்டாவது, தூசிக் குழாயில் தீ. ராஸ்பரில் கம்பி உரசிய பொறி காற்றோடு பை வடிகட்டிக்குப் போனால் அங்கே சேர்ந்திருக்கும் நுண்ரப்பர் பற்றிக்கொள்ளும். குழாயில் பொறியைக் கண்டறிந்து நீர் தெளிக்கும் கருவியும், வடிகட்டி கட்டடத்துக்கு வெளியே இருப்பதும் கட்டாயம். செலவைக் குறைக்கிறேன் என்று இதை நீக்கச் சொல்பவரை நம்பாதீர்கள்.

தரத்தைச் சோதிக்க ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. ஒரு கிலோ தூளை வெள்ளைத் தாளில் மெல்லியதாகப் பரப்பி வலுவான காந்தத்தை மேலே நகர்த்துங்கள், ஒட்டிய கம்பித் துணுக்கை எடைபோடுங்கள். 0.1 கிராம் என்றால் 0.01 சதவீதம், அதற்கு மேல் போகக் கூடாது. ஈரத்துக்கு 100 கிராம் தூளை 105 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை வைத்து மறுபடி எடை பாருங்கள். முக்கால் கிராமுக்கு மேல் குறைந்தால் ரோட்டு ஒப்பந்தக்காரரிடம் அனுப்பாதீர்கள். அவர் அதை 180 டிகிரி பிட்டுமனில் கொட்டும்போது அந்த ஈரம் நுரைத்துப் பொங்கித் தொட்டிக்கு வெளியே வரும், ஆட்கள் வெந்துபோவார்கள்.

ரோட்டில் எவ்வளவு போகும் என்பதையும் கணக்கிடுவோம். ரப்பர் பிட்டுமன் கலவையை 1960-களில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் சார்லஸ் மெக்டொனால்ட் என்ற பொறியாளர் உருவாக்கினார். இன்றும் அடிப்படை அதுதான். சூடான பிட்டுமனில், மொத்த எடையில் 15 சதவீதத்துக்குக் குறையாமல் ரப்பர் தூளைச் சேர்த்து, 175 முதல் 190 டிகிரியில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ரப்பர் கரையாது, பிட்டுமனின் இலகுவான எண்ணெய்களை உறிஞ்சி ஊறும். கலவை கெட்டியாகும். கிளறுவதை நிறுத்தினால் அடியில் படியும், இரவு முழுக்கச் சூட்டில் வைத்தால் ரப்பர் சிதைந்து மறுபடி நீர்த்துப்போகும். சூட்டை இன்னும் ஏற்றினால் புகையும் நாற்றமும் வரும்.

1 கிலோமீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 40 மி.மீ. தடிமன் உள்ள ஒரு வழித்தடத்தின் கனஅளவு 140 கனமீட்டர், எடை சுமார் 320 டன். அதில் 7.5 சதவீதம் ரப்பர் பிட்டுமன் என்றால் 24 டன். அதில் 18 சதவீதம் தூள் என்றால் 4.3 டன். உங்கள் 10 டன் டயரிலிருந்து நாளுக்கு 7 டன் தூள் கிடைக்கும். ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் 2,100 டன். அத்தனையும் ரோட்டுக்கே போக வேண்டுமானால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 490 கிலோமீட்டர் வழித்தடம் இந்தக் கலவையில் போடப்பட வேண்டும். மழைக்காலத்தில் தார் வேலை நின்றுவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இவ்வளவு நீளம் உங்களுக்கு எட்டும் தொலைவில் போடப்படுகிறதா, ஒப்பந்தத்தில் ரப்பர் பிட்டுமன் என்று எழுதியிருக்கிறதா, தூளின் நுண்மையைக் குறிக்கும் சல்லடை அளவில் எத்தனை மெஷ் கேட்கிறார்கள் என்று இயந்திரம் வாங்குமுன் விசாரியுங்கள். பெரும்பாலும் 0.6 மி.மீ., அதாவது 30 மெஷ் அளவைக் கேட்பார்கள். கிரானுலேட்டர் வரை மட்டும் உள்ள ஆலையால் அதைத் தர முடியாது, உருளை மில்லும் சேர்க்க வேண்டும்.

விளையாட்டுத் திடல் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. செயற்கைப் புல்லுக்கு நடுவே தூவும் உதிரித் தூளை நோக்கி ஆலையை அமைக்காதீர்கள். அந்தத் தூளில் எட்டு வகை பிஏஎச்-களின் மொத்தம் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஆகஸ்டிலிருந்து வரம்பு வைத்தது. உதிர்ந்து நீர்நிலைக்குப் போகும் நுண்பிளாஸ்டிக் என்பதால் இத்தகைய தூவல் விற்பனையையே 2031 அக்டோபரோடு நிறுத்தவும் 2023-ல் விதி செய்துவிட்டது. ரப்பரில் விரிசல் விழாமல் காக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற ரசாயனம் ஓசோனோடு சேர்ந்து உருவாகும் பொருள்தான் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-ல் கண்டறிந்தார்கள். உதிராதபடி பாலியூரித்தேன் பசையால் இறுக்கிய ஓடுகளும் அடித்தளமும் வேறு. 1 முதல் 4 மி.மீ. துகளோடு எடையில் பத்தில் ஒரு பங்கு பசை கலந்து 10 முதல் 40 மி.மீ. தடிமனில் அழுத்துவார்கள். பசையைக் குறைத்தால் ஓரங்கள் உதிரும், ஈரமான துகளில் கலந்தால் நுரைத்துப் பலவீனமாகும். அங்கேயும் தொகுதிக்கு ஒரு முறை பிஏஎச் சோதனைச் சான்று வைத்திருங்கள். நல்ல வாடிக்கையாளர் அதைத்தான் முதலில் கேட்பார்.

டயரையும் சில்லையும் சேமித்து வைப்பதில் கவனம் தேவை. 1990 பிப்ரவரியில் கனடாவின் ஹேகர்ஸ்வில்லில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டயர்கள் 17 நாள் எரிந்தன. முழு டயர்தான் எரியும் என்று நினைக்க வேண்டாம். 1995-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரோட்டுக்கு அடியில் தடிமனாக நிரப்பிய டயர் சில்லு வெளித் தீ எதுவும் இல்லாமல் தானே சூடேறிப் புகைந்தது. வெட்டுப்பட்ட கம்பி ஈரத்தில் துருப்பிடிக்கும்போது வெப்பம் வெளிவரும், தடித்த அடுக்கில் அது வெளியேற வழியில்லாமல் சேரும் என்பது முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது. அதன் பிறகு நிரப்பும் அடுக்கு 3 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று வழிகாட்டி வகுத்தார்கள். உங்கள் முற்றத்துச் சில்லுக் குவியலுக்கும் அதையே எல்லையாகக் கொள்ளுங்கள். குவியலுக்குள் நீண்ட தெர்மோமீட்டர் கம்பியைச் செருகி வாரம் ஒரு முறை பாருங்கள். சூடு வாரத்துக்கு வாரம் ஏறினால் குவியலைப் பிரித்துப் பரப்புங்கள். குவியல்களுக்கு நடுவே தீயணைப்பு வண்டி நுழையும் வழி இருக்கட்டும்.

இரண்டு விற்பனையாளர்களிடமும் ஒரு நிபந்தனை வையுங்கள். அவர்கள் போட்டுக் கொடுத்த, ஓடிக்கொண்டிருக்கும் ஆலையை நீங்கள் சொல்லும் நாளில், சொல்லும் நேரத்தில் காட்ட வேண்டும். ரியாக்டர் என்றால் எண்ணெய் கொட்டும் நேரத்தில் கூட்டிப்போவார்கள், அதற்குச் சம்மதிக்காதீர்கள். அடுப்பு மூட்டும் நேரத்திலும் கரியை அள்ளக் கதவு திறக்கும் நேரத்திலும் போங்கள். தூள் ஆலை என்றால் மாலை வேலை முடியும் நேரத்தில் போய், அன்றைய தூளிலிருந்து நீங்களே ஒரு கிலோ அள்ளி, கையோடு கொண்டுபோன காந்தத்தை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். கடைசியாகக் கத்தி மாற்றிய தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தூள் ஆலையில் பிரியும் கம்பியோடு ஒட்டிய ரப்பரும் கழிவுத் துண்டும் நாளுக்குச் சில நூறு கிலோ மிஞ்சும். அதை எடுத்துக்கொள்ள ஒரு சிமென்ட் ஆலையின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தை ஆலை தொடங்குவதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறாவது மாதத்தில் அதுவே உங்கள் வேலியோரக் குவியலாகும்.